"நாளைக்கு மட்டும் என் ஷிஃப்டைப் பார்த்துக்கறீங்களா அக்கா?" எப்படி மறுப்பது?

தூக்கக்கலக்கம் | ஜனவரி 11, இரவு 11.35

24 மணி நேரமும் ஓடுகிற இடத்தில் வேலை. காலை 6–2, மதியம் 2–10, இரவு 10–6 என்று மூன்று ஷிஃப்ட். ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஆள், சுழற்சியில் மொத்தம் ஐந்து பேர். அதில் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர் ஒருவர். நல்ல பையன், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாரம் தவறினாலும் அவரிடமிருந்து "அக்கா, நாளைக்கு மட்டும்" என்கிற செய்தி தவறாது.

நேற்றுப் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளி எண்ணினேன். ஆகஸ்டிலிருந்து 14 தடவை கேட்டிருக்கிறார். 9 தடவை சரி என்றேன், 5 தடவை மறுத்தேன். அந்த 9க்குப் பதிலாக அவர் எனக்குச் செய்தது ஒன்றே ஒன்று.

மறுக்கத் தெரியாத ஆள் இல்லை நான், மறுத்துத்தான் இருக்கிறேன். மறுத்த ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அப்புறம் மறுபடியும் கேட்பார். ஐந்தே பேர் இருக்கிற இடத்தில் பகைத்துக்கொண்டும் ஓட்ட முடியாது. இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நேர்வழி | ஜனவரி 12, காலை 7.10

காரணமே சொல்லாதீங்க. "முடியாது தம்பி", அதோட நிறுத்துங்க. காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வரும். மறுபடியும் கேட்டா சூப்பர்வைசருக்கு ஒரு மெயில் போடுங்க, அன்னிக்கே நிக்கும். இதுக்கெல்லாம் இவ்வளவு யோசனை தேவையில்லை.

ஓய்வுநாள் | ஜனவரி 12, காலை 9.42

எங்கள் இடத்திலும் இதே கதைதான். டபுள் டூட்டி பார்க்கச் சொல்லி மேனேஜர் படுத்துகிறார், ஓ.டி. பணமும் ஒழுங்காக வருவதில்லை. எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள்.

தூக்கக்கலக்கம் | ஜனவரி 12, மதியம் 1.15

@ஓய்வுநாள், மேனேஜர் படுத்தவில்லை. அவருக்கு இது தெரியவே தெரியாது. கேட்பது கூட வேலை செய்கிறவர்.

@நேர்வழி, காரணத்தைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. நவம்பரில் ஒரு தடவை "வீட்டில் சாயங்காலம் ஒரு வேலை இருக்கிறது" என்றேன். "அப்ப ஏழு மணி வரைக்கும் மட்டும் பாருங்க அக்கா, அப்புறம் நான் வந்துடறேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது அடம் இல்லை, எனக்கு உதவியாக ஒரு வழி கண்டுபிடித்துத் தருகிறார்! பிறகு எட்டரைக்குத்தான் வந்தார்.

மெயில் விஷயம்தான் இடிக்கிறது. இவரிடமிருந்து நானோ என்னிடமிருந்து இவரோ வாரத்தில் மூன்று நாளாவது ஷிஃப்ட் வாங்க வேண்டும். ஒழுங்கான ஹேண்டோவர் என்றால் பத்து நிமிடம். எந்த அலாரம் பொய்யாக அடிக்கிறது, எதை யார் பாதியில் விட்டுப் போனார்கள், யார் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள் என்று எல்லாம் அதில்தான் வரும். அதில் பாதி ரிஜிஸ்டரில் எழுத முடியாத விஷயம், வாயால் சொன்னால்தான் உண்டு. மனஸ்தாபம் வந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பத்து நிமிடம்தான்.

போன வாரம் மறுத்த அன்று இரவு பத்து மணிக்கு உள்ளே போகிறேன். அவர் சாவியை மேஜையில் வைத்தார், "ஒண்ணும் இல்ல" என்றார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒன்றும் இல்லாமல் இல்லை. இரண்டாவது திரை மாலையிலிருந்தே உறைந்து கிடந்திருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்கும்போது மணி பன்னிரண்டே கால்.

பழைய_ரோஸ்டர் | ஜனவரி 12, இரவு 8.50

பதினோரு வருடம் ரோஸ்டர் போட்டவன் என்கிற முறையில் ஒன்று கேட்கிறேன். அந்த 5 மறுப்பையும் எப்போது சொன்னீர்கள்? அவர் கேட்டதற்கும் நீங்கள் முடியாது என்றதற்கும் நடுவே எத்தனை மணி நேரம்? செய்தியிலேயே நேரம் இருக்கும், பாருங்கள்.

தூக்கக்கலக்கம் | ஜனவரி 12, இரவு 10.05

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

போன வாரத்ததையே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை 7.50க்குக் கேட்டார், மறுநாள் மதிய ஷிஃப்டுக்கு. நான் 7.58க்கு "பார்க்கிறேன் தம்பி" என்று போட்டேன். முடியாது என்று அப்போதே தெரியும். வெள்ளி இரவு எனக்கு ஷிஃப்ட், சனி இரவும் ஷிஃப்ட். நடுவில் அவருடைய மதியத்தையும் பார்த்தால் வெள்ளி இரவு பத்திலிருந்து ஞாயிறு காலை ஆறு வரை 32 மணி நேரம், அதில் 24 மணி நேரம் வேலை. இடையில் கிடைப்பது எட்டு மணி நேரம். போக்குவரத்து, குளியல், சாப்பாடு போக ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம்.

இவ்வளவும் தெரிந்தும் "பார்க்கிறேன்". முடியாது என்று சொன்னது சனிக்கிழமை காலை 11.15க்கு. அவருடைய ஷிஃப்டுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. மற்ற நான்கில் மூன்றும் ஏறக்குறைய இப்படித்தான். ஒன்றே ஒன்றுதான் கேட்ட அரை மணி நேரத்தில் சொன்னது. அந்தத் தடவை அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாக எனக்கு நினைவே இல்லை.

பழைய_ரோஸ்டர் | ஜனவரி 13, காலை 6.30

எதிர்பார்த்ததுதான். மறுத்ததற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பதினைந்து மணி நேரம் தொங்கவிட்டதற்குக் கோபித்துக்கொண்டார். நீங்கள் "பார்க்கிறேன்" என்றதும் தேடுவதை நிறுத்தியிருப்பார். மற்ற மூன்று பேரில் ஒருவரைக் கேட்க அவருக்கு இருந்த நேரத்தை, நல்ல மனசோடு நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. சும்மா பார்த்துக்கொள்வது வேறு, மாற்றிக்கொள்வது வேறு. மாற்றிக்கொள்வதில் இரண்டு தேதி இருக்கும், ரோஸ்டரில் இரண்டு பேர் மாறும், சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கும். சும்மா பார்ப்பதில் ரோஸ்டரில் பெயர் அவருடையது, நாற்காலியில் ஆள் நீங்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஏதாவது ஆனால் விசாரணை ரோஸ்டரில் இருந்து தொடங்கும். அந்த ராத்திரி நீங்கள் அங்கே இருந்ததற்கே காகிதத்தில் ஆதாரம் இருக்காது. ஒரு ஆள் இரண்டு மாதம் இப்படி மாட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் முழுசாக மறுக்க வேண்டியதில்லை. சும்மா பார்ப்பதை நிறுத்துங்கள், மாற்றிக்கொள்வதைத் திறந்து வையுங்கள். பதில் தேதி கேட்கும் செய்தியிலேயே வரவேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட தேதி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எதிர்த்தரப்பு | ஜனவரி 13, காலை 11.20

நான் அந்தத் தம்பி இடத்தில் இருந்தவன். ஒன்றரை வருஷம் எல்லாரிடமும் கேட்டேன், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. "முடியாதுப்பா" என்று உடனே சொன்ன ஒருவர் இருந்தார். அவரிடம் மூன்றாவது தடவைக்கு மேல் கேட்கவே இல்லை, ஆனால் இன்றைக்கும் பேசிக்கொள்வோம். ஒருநாள் சரி, ஒருநாள் இல்லை, நடுவில் "பார்க்கலாம்" என்று சொன்ன அண்ணனிடம்தான் விடாமல் கேட்டேன். அவரிடம் எப்போது பழம் விழும் என்று தெரியாது, அதனால் கல்லை எறிந்துகொண்டே இருந்தேன். அவருக்குச் சிரமம் என்று நிஜமாகவே தெரியாது. சரி என்றால் தோதுப்பட்டதால்தான் சரி என்கிறார் என்று நினைத்தேன்.

பழைய_ரோஸ்டர் | ஜனவரி 13, மதியம் 12.05

@எதிர்த்தரப்பு, இதை ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் என்ற இருவர் 2008இல் எழுதினார்கள். உதவி கேட்கிறவர், எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்பதைக் குறைத்தே கணிக்கிறார். மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பது கேட்கிறவர் கண்ணில் படாததுதான் காரணம். நீங்கள் சொன்னது அப்படியே அதுதான்.

தூக்கக்கலக்கம் | ஜனவரி 13, இரவு 9.30

கல்லடிபட்ட மரம் நானேதான்.

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 9க்கு ஒன்றுதான் திரும்பி வந்தது என்று எழுதினேன். இன்று மறுபடியும் படித்தபோது அவர் மூன்று தடவை "பதிலுக்கு உங்க ஷிஃப்ட் ஏதாவது பார்க்கட்டுமா அக்கா" என்று கேட்டிருப்பது கண்ணில் பட்டது. மூன்றுக்கும் என் பதில் "இருக்கட்டும் தம்பி, பரவாயில்லை". பெருந்தன்மையாக இருந்துவிட்டு, உள்ளுக்குள் கணக்குப் புத்தகம் வைத்திருந்திருக்கிறேன். அவரைக் கடன்காரர் ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 14இல் 8 வியாழக்கிழமை மதிய ஷிஃப்ட். ஏன் என்று தெரியவில்லை.

நேர்வழி | ஜனவரி 13, இரவு 10.12

ஏன்னு கேக்காதீங்க. கேட்டா கதை வரும், கதை வந்தா மறுபடியும் சரின்னுடுவீங்க.

தூக்கக்கலக்கம் | ஜனவரி 16, காலை 7.00

பேசிப் பார்த்தேன், சொதப்பிவிட்டது. ஹேண்டோவர் முடிந்ததும், அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். ஒரு காதில்தான் விழுந்திருக்கும். "சரிக்கா சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஷிஃப்ட் முடித்தவரை ஐந்து நிமிடம் நிறுத்துவதே தப்பு. அவர் ஏதாவது கேட்டு, அதற்கு மறுப்பாக இதைச் சொல்வதும் கூடாது என்று தோன்றுகிறது. கேட்காத நாளில் சொல்ல வேண்டும்.

பழைய_ரோஸ்டர் | ஜனவரி 16, மதியம் 2.40

சரியான யோசனை. சொல்லும்போது ஓய்வு நேரத்தை அளவுகோலாக வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர விதியில் ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கேட்கிறார்கள். உங்கள் இடத்தில் வேறு கணக்கு இருக்கலாம், அல்லது எதுவுமே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்த 11ஐ உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். "என் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் 11 மணி நேரம் இல்லையென்றால் எடுக்கமாட்டேன்" என்பதில் அவரைப் பற்றி எதுவுமே இல்லை. "ஏழு மணி வரை மட்டும்" என்று அதில் பேரம் பேசவும் முடியாது.

ஒரு எச்சரிக்கை. சூப்பர்வைசர் ஓ.டி. கொடுத்துக் கூப்பிடும்போது இந்த 11ஐ மறந்துவிட்டுப் போனீர்களானால், அடுத்த நாளே அது சாக்கு என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தூக்கக்கலக்கம் | ஜனவரி 16, மாலை 6.15

டிசம்பரில் அப்படி ஒரு ஓ.டி. போனேன். பதினாறு மணி நேரம், ஒரே மூச்சில். அவரிடமிருந்துதான் ஷிஃப்டை வாங்கினேன். சரி, அதுவும் இனி இல்லை. பர்ஸ் வருத்தப்படும்.

தூக்கக்கலக்கம் | ஜனவரி 20, இரவு 11.50

பேசிவிட்டேன். இருவருக்கும் பொதுக்கூட்டம் இருந்த நாள், கூட்டம் முடிந்து மாடிப்படியில். முன்கூட்டியே "பத்து நிமிஷம் பேசணும், அவசரம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லி வைத்திருந்தேன். அது தப்பாகப் போனது, காலையிலிருந்து பயந்துபோய் உட்கார்ந்திருந்தாராம்.

சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"தம்பி, இனிமே சும்மா ஷிஃப்ட் பார்த்துக்கிறது என்னால முடியாது. மாத்திக்கிறதுன்னா கேளுங்க, ரெண்டு நாள் முன்னாடி, பதிலுக்கு எந்தத் தேதின்னும் சேர்த்து. முன்னும் பின்னும் பதினோரு மணி நேரம் இருந்தா எடுக்கறேன், இல்லைன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள முடியாதுன்னு சொல்லிடறேன். இவ்வளவு நாளா பார்க்கறேன் பார்க்கறேன்னு உங்களை இழுத்தடிச்சது என் தப்பு."

அவர் உடனே கேட்டது: "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அக்கா?"

இதற்கு நான் தயாராக இல்லை. "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, கேளுங்க பார்த்துக்கலாம்" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா என்று கூப்பிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது இந்த ஆளுக்கு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தப்பு இல்ல, எனக்குத் தூக்கம் பத்தல" என்றேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, கீழே இறங்கிப் போனார்.

எதிர்த்தரப்பு | ஜனவரி 21, காலை 8.05

தூக்கம் என்பதும் காரணம்தானே? @நேர்வழி விடமாட்டாரே.

நேர்வழி | ஜனவரி 21, காலை 8.30

விட்டுட்டேன். தூக்கத்துக்குப் பதிலா அவர் தன் தூக்கத்தைத் தர முடியாது.

தூக்கக்கலக்கம் | ஜனவரி 30, காலை 6.40

பத்து நாளாக ஹேண்டோவர் இரண்டு நிமிடம்தான். திட்டு இல்லை, முறைப்பு இல்லை, "எல்லாம் நார்மல்" மட்டும். மூன்றாம் நாள் பயந்துபோய், ஒரு ஷிஃப்டை நானாகப் பார்த்துத் தருகிறேன் என்று தட்டச்சு செய்து அழித்தேன். அனுப்பியிருந்தால் முகத்தைத் தூக்கினால் வேலை நடக்கும் என்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

அதற்குப் பதிலாக என் பக்கத்து ஹேண்டோவரைக் குறைக்கவில்லை. அவர் நின்றாலும் நிற்காவிட்டாலும் என் பத்து நிமிடத்தைச் சொன்னேன். இரண்டு தடவை அவர் பாதியில் எழுந்துவிட்டார், மீதியைத் துண்டுச்சீட்டில் எழுதித் திரையில் ஒட்டினேன். நேற்று அவரும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். "3வது அலாரம் பொய். கண்டுக்காதீங்க." அவ்வளவுதான்.

பழைய_ரோஸ்டர் | ஜனவரி 30, காலை 9.15

அந்தச் சீட்டு போதும். பத்து நாள் என்பது பெரிய இடைவெளி இல்லை. மூன்று வாரம் தாண்டியும் இரண்டே நிமிடமாக இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

தூக்கக்கலக்கம் | பிப்ரவரி 6, இரவு 10.30

வியாழக்கிழமை ரகசியம் அவராகவே சொன்னார். மாலை ஐந்து மணிக்கு ஒரு பகுதிநேரப் படிப்பு வகுப்பு, ஜூலையில் தேர்வு. ஆகஸ்டிலிருந்தே சேர்ந்திருக்கிறார். படிப்பது தெரிந்தால் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று சூப்பர்வைசர் நினைப்பாரோ என்று மறைத்திருக்கிறார். நான் பெரும்பாலும் சரி என்றதால் அந்தப் பயத்தோடு அவர் யாரிடமும் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

நான்கு வியாழனும் மதிய ஷிஃப்ட் வேண்டாம் என்று போய்க் கேட்டாராம். இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

@நேர்வழி, கதை வந்தது. மீதி இரண்டு வியாழனையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை.

நேர்வழி | பிப்ரவரி 6, இரவு 11.02

நம்பமாட்டேன். ஒரு மாசம் கழிச்சு வந்து கேக்கறேன்.

தூக்கக்கலக்கம் | பிப்ரவரி 14, மதியம் 3.20

புதுப் பிரச்சினை. இன்னொரு சீனியர் அண்ணன் என்னை வழிமறித்து, "நீ கையை விரிச்சுட்ட, இப்ப அவன் என் தலையில கட்டறான்" என்றார். பதிலுக்குத் தேதி கேளுங்கள் அண்ணே என்றேன். "சின்னப் பையன்கிட்ட போய் அதெல்லாம் கேட்டுக்கிட்டு" என்றார். ஆறு மாதத்துக்கு முந்தைய என் குரலையே கேட்ட மாதிரி இருந்தது.

என் தூக்கத்தைக் காப்பாற்றி இன்னொருவர் தூக்கத்தில் கை வைத்துவிட்டேனா? பதில் தெரியவில்லை. ஐவரும் உட்கார்ந்து மாற்றுவதற்கென்று ஒரு தாள் ஒட்டலாம் என்று சொன்னேன். இரண்டு பேர் சரி என்றார்கள், அந்த அண்ணன் "ஸ்கூல் மாதிரி" என்றார்.

பழைய_ரோஸ்டர் | பிப்ரவரி 14, மாலை 5.45

அந்த அண்ணனுடைய பாரத்தை நீங்கள் தூக்க வேண்டாம். தாளை ஒட்டிவிடுங்கள், அவர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் பெயரே ஒரு பக்கமாக வந்துகொண்டிருந்தால் சூப்பர்வைசருக்கு யாரும் மெயில் போடாமலே தெரியும்.

எதிர்த்தரப்பு | பிப்ரவரி 14, மாலை 6.10

அதிலும் ஒரு ஆபத்து உண்டு. கேட்கிறவன் பெயர் சுவரில் ஏறிவிடும். எனக்கு அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தால், உடம்பு சரியில்லாதவர் விஷயத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டி வந்திருக்கும். தேதி மட்டும் போடுங்கள், காரணத்துக்குக் கட்டம் வைக்காதீர்கள்.

தூக்கக்கலக்கம் | பிப்ரவரி 15, காலை 7.25

காரணக் கட்டம் நான் போட்ட தாளில் இருந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

தூக்கக்கலக்கம் | மார்ச் 3, காலை 11.10

அவரிடமிருந்து செய்தி: "அக்கா, 19 மதியம் எனக்குப் பதிலா நீங்க, 23 காலை உங்களுக்குப் பதிலா நான். சரியா?"

கேட்டது பதினாறு நாள் முன்னால், தேதியோடு. படித்ததும் ஏதோ பரிசு வாங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் ரோஸ்டரைப் பார்த்தேன். 23 எனக்கு ஆஃப்.

"23 எனக்கு லீவு தம்பி. வேற தேதி சொல்லுங்க." நான்கு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன்.

நேர்வழி | மார்ச் 3, மதியம் 12.00

19 எடுக்கறீங்களா இல்லையா?

தூக்கக்கலக்கம் | மார்ச் 3, மதியம் 12.20

தேதி வரட்டும்.